டிரம்முக்கு எந்த வாசகம்? டெங்கு விழிப்புணர்வுக்கான ஐந்து வரிகளின் ஒப்பீடு

பொதுச் சுகாதாரத் துறையின் அலுவலகம் ஒன்று, நான்கைந்து நாளுக்கு ஒரு முறை மட்டுமே குழாயில் தண்ணீர் வரும் குடியிருப்புகளுக்காக டெங்கு விழிப்புணர்வு வாசகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதே வாசகம் சுவரொட்டியிலும், வீட்டு டிரம்மின் மேல் ஒட்டும் வில்லையிலும், கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இடம்பெறும் என்பது ஏற்பாடு. துறைகளின் விளம்பரங்களுக்கு மொழி பார்த்துக் கொடுப்பது என் வேலை என்பதால் அந்தத் தேர்வில் நானும் உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு வந்த வரிகள் ஐந்து:

முதலாவது: "தேங்கிய நீரை அகற்றுவோம்! டெங்குவை ஒழிப்போம்!"

இரண்டாவது: "நீர் சேமிப்புக் கலன்களில் கொசுப்புழுக்கள் உருவாகாத வண்ணம் பராமரிக்குமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மூன்றாவது: "உங்கள் அலட்சியம், உங்கள் குழந்தைக்கு டெங்கு!"

நான்காவது: "தண்ணீர்த் தொட்டிகளை மூடி வைக்கவும்."

ஐந்தாவது: "டிரம்மில் தண்ணீர் பிடிக்கும் முன் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்."

ஐந்திலும் எழுத்துப்பிழை கிடையாது, ஐந்துமே தமிழ்தான். ஆனால் படித்து முடித்தவர் வீட்டுக்குள் போய் என்ன செய்வார் என்று கேட்டால் ஐந்துக்கும் ஐந்து விதமான பதில் கிடைக்கிறது. எனவே, வரிகளை எடைபோடுவதற்கு முன்னால், அந்த வீட்டில் உண்மையில் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றிலும் உள்ள சிறிய, ஓரளவு தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். டிரம், சிமென்ட் தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர் எல்லாம் அதற்கு ஒன்றுதான். பெண் கொசு தன் முட்டைகளைத் தண்ணீரின் மேல் மிதக்க விடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் தீர்ந்து சுவர் காய்ந்து போனாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் நிரம்பி அவற்றைத் தொடும்போது பொரிந்து புழுவாகும். முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். தண்ணீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும் என்று சொல்வதற்கும், வாரம் ஒரு முறை என்று கணக்கு வைப்பதற்கும் இதுதான் காரணம்.

முதல் வரிக்கு அந்த மேசையில் ஆதரவு அதிகம் இருந்தது. ஊர்வலத்தில் கூவலாம், ஓசை இருக்கிறது, "ஒழிப்போம்" என்ற முடிவில் ஓர் எழுச்சியும் இருக்கிறது. அதன் சிக்கல் "தேங்கிய நீர்" என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. தமிழ் பேசுகிறவருக்குத் தண்ணீர் "தேங்குவது" என்பது ஒரு குறிப்பிட்ட காட்சி: மழை பெய்து தெருவில் நிற்பது, வாய்க்கால் அடைத்து நிற்பது, கழிவு வெளியேறாமல் நிற்பது. தேங்குவது என்றாலே போக வழியில்லாமல் தானாக நிற்பது என்றுதான் பொருள். வீட்டு டிரம்மில் இருப்பதை யாரும் தேங்கிய நீர் என்று சொல்வதில்லை; அது "பிடித்து வைத்த தண்ணீர்". குழாய் வரும் நாளில் காத்திருந்து, வரிசையில் நின்று, குடம் குடமாகச் சுமந்து வந்து நிரப்பியது. அதிலும் குடிக்கப் பிடித்தது என்றால் அதற்குப் பெயரே "நல்ல தண்ணீர்".

இது வெறும் சொல் ஆராய்ச்சி அல்ல என்பதை அதற்கு முந்தைய பருவத்தில் நேரில் பார்த்தேன். களப் பணியாளர் ஒருவருடன் ஒரு தெருவில் போய்க்கொண்டிருந்தபோது, தெருமுனைச் சுவரில் "தேங்கிய நீரை அகற்றுவோம்" என்ற சுவரொட்டி புத்தம் புதிதாக ஒட்டியிருந்தது. அதற்கு மூன்றாவது வீட்டில் நீல நிற டிரம் ஒன்றுக்குள் பணியாளர் டார்ச் அடித்துக் காட்டினார். மேற்பரப்பில் சின்னஞ்சிறு புழுக்கள் தலைகீழாகத் தொங்கின, வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. அந்த வீட்டு அம்மா சுவரொட்டியைப் படித்திருந்தார். வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காமல் பெருக்கியும் வைத்திருந்தார். "இது தேங்கினது இல்லீங்களே, மூணு நாளைக்கு முன்னாடி பிடிச்ச நல்ல தண்ணி" என்று அவர் சொன்னதில் பொய்யோ சாக்கோ எதுவும் இல்லை. சுவரொட்டி சொன்னதை அவர் செய்து முடித்திருந்தார். சுவரொட்டிதான் டிரம்மைச் சொல்லவில்லை. மூன்று நாள் தண்ணீரில் நெளியும் அளவுக்குப் புழு இருந்ததென்றால், தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே முட்டைகள் சுவரில் ஒட்டியிருந்தன என்பதுதான் கணக்கு. அதையும் அந்த வரி சொல்லவில்லை.

முதல் வரியின் இன்னொரு கூறு "-வோம்" என்ற முடிவு. தன்மைப் பன்மை, அதாவது "நாம்" என்று பேசுவது, அரசு வாசகங்களில் மிகவும் பழகிப்போன வடிவம். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. துறையும் மக்களும் ஒரே பக்கத்தில் நிற்பதாக அது காட்டுகிறது. ஆனால் துறை உண்மையாகவே பங்கெடுக்கும் வேலைக்குத்தான் அது பொருந்தும். "வரும் ஞாயிறு நம் தெருவைச் சுத்தம் செய்வோம்" என்று எழுதி, அன்று காலையில் துறையின் ஆட்களும் தட்டுக்கூடையோடு வந்து நின்றால் அந்த "நாம்" மெய்யானது. ஒருவர் வீட்டுக்குள் இருக்கும் டிரம்மை அவர்தான் தேய்க்கப் போகிறார்; அதில் "நாம்" என்று சொன்னால் வேலை யாருடையது என்பது காற்றில் கரைந்துவிடுகிறது. எல்லாருக்கும் உரியதாகச் சொல்லப்பட்டதை எவரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. "ஒழிப்போம்" என்பது ஒரு செயலே அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நாளைக் காலையில் எழுந்து ஒருவரும் டெங்குவை ஒழிக்க முடியாது.

இரண்டாவது வரியைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. அது அறிவிப்புப் பலகைத் தமிழ். "பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற தொடரில் கேட்கிறவர் யார் என்று தெரியாது, கேட்கப்படுகிறவரும் படர்க்கையில் எங்கோ தொலைவில் நிற்கிறார். படிக்கிறவர் தன்னை அந்தப் பொதுமக்களில் ஒருவராக எண்ணிக்கொள்வதற்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. பலர் இதை மரியாதையான நடை என்று நினைக்கிறார்கள். அது தொலைவான நடை. இரண்டும் வேறு வேறு. "கலன்" என்ற சொல்லுக்காக மட்டும் ஒரு வார்த்தை: டிரம், குடம், தொட்டி, அண்டா எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்பதால் அலுவலகத்துக்கு அது வசதி. வீட்டில் அந்தப் பெயரில் ஒரு பொருளும் இல்லை என்பதால் அந்த வசதி வீட்டுக்காரருக்குக் கிடைப்பதில்லை.

மூன்றாவது வரியை எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். ஒரு குழந்தையின் மரணத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை முதல் சுற்றிலேயே நீக்கிவிட வேண்டும் என்று வாதாடினேன். அந்தக் குடியிருப்பில் தண்ணீர் பிடித்து வைப்பது அலட்சியத்தால் அல்ல, குழாய் தினமும் வராததால். குழாயைத் தினமும் வரவைக்க முடியாத அரசின் ஓர் அங்கம், தண்ணீர் பிடித்து வைத்தவரைப் பார்த்து அலட்சியம் என்று சொன்னால் அது நியாயமாகவும் இல்லை, பயனும் தராது. நடைமுறையில் இன்னொரு கேடும் உண்டு. பழிக்கு அஞ்சுகிறவர் களப் பணியாளர் வரும்போது கதவைத் திறக்கத் தயங்குவார். காய்ச்சல் கண்ட பிள்ளையை அழைத்துவந்தால் "உங்கள் வீட்டில் கொசு வளர்த்தீர்களா" என்று கேட்பார்களோ என்று ஒரு நாள் தள்ளிப்போடுவார். டெங்குவில் அந்த ஒரு நாள் பெரிது. ஏடிஸ் கொசு பக்கத்து வீட்டிலிருந்தும் பறந்து வரும் என்பதால், தன் டிரம்மைத் தேய்த்து வைத்த வீட்டிலும் டெங்கு வரலாம். அப்போது அந்த வரி வெறும் பொய்க் குற்றச்சாட்டாகிவிடும்.

இதே வகையில் சேர்க்க வேண்டியது "தாய்மார்களே!" என்று தொடங்கும் பழைய வாசகங்கள். பார்வைக்கு அன்பான விளிதான். தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் வீட்டுப் பெண்களின் தலையில் மட்டுமே விழ வேண்டியவை என்று ஒரு துறை அச்சடித்து ஒட்ட வேண்டியதில்லை. தமிழ் ஏவல் வினைக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது. விளியை எடுத்துவிட்டால் வரி தானாகவே வீட்டிலுள்ள எல்லாரையும் பார்த்துப் பேசிவிடும்.

உண்மையான போட்டி நான்காவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும்தான்.

நான்காவது, "தண்ணீர்த் தொட்டிகளை மூடி வைக்கவும்", சுருக்கமானது, பழி சொல்லாதது, செய்யத்தக்க ஒரு செயலைச் சொல்வது. முதலில் "வைக்கவும்" என்ற வடிவத்தைப் பார்க்கலாம். "-வும்" என்ற முடிவு இக்காலத் தமிழில் வியங்கோளின் வேலையைச் செய்கிறது. "நீங்கள்" என்றும் சொல்லாமல், "நீ" என்றும் சொல்லாமல், யாரையும் நேரே பார்க்காமல் ஒரு வேண்டுகோளை வைக்கிறது. அதனால்தான் "காலணிகளை வெளியே விடவும்", "வரிசையில் வரவும்" போன்ற பலகைகளுக்கு அது அருமையாகப் பொருந்துகிறது. அந்த இடத்தில் நிற்கும் எவருக்கும் அது பொருந்தும், செய்ய வேண்டியதும் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் வாயால் "மூடி வைக்கவும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. களப் பணியாளர் வாசலில் நின்று சொல்வது "மூடி வைங்க" என்பதைத்தான். அதன் எழுத்து வடிவம் "மூடி வையுங்கள்". பள்ளி ஓரிரு வகுப்பு மட்டும் படித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாக உதவுகிறது: "வையுங்கள்" என்று படித்ததும் காது அதை "வைங்க" என்று அடையாளம் கண்டுகொள்கிறது, "வைக்கவும்" அந்த இடத்தில் ஒரு பலகையாகவே நின்றுவிடுகிறது.

மற்ற ஏவல் முடிவுகளையும் அந்த மேசையில் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். "மூடு" ஒருமை, சின்னப் பிள்ளைகளுக்கான சித்திரக் கதையில் வரலாம், பெரியவர் வீட்டு டிரம்மில் ஒட்ட முடியாது. "மூடுக" பாடப்புத்தக வினாத்தாளை நினைவூட்டுகிறது. "மூடுவீர்", "மூடுவீர்களாக" என்பன மேடைக்கும் வழிபாட்டுக்கும் உரியவை. "மூட வேண்டும்" என்பது கடமையைச் சொல்வது. மூடாவிட்டால் சட்டப்படி ஏதோ ஒன்று தொடரும் என்ற தொனி அதில் ஒளிந்திருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தின் ஒப்பந்தக்காரருக்கு, அபராதமும் இருக்கிறது என்றால், அந்தத் தொனி தேவைதான். எதிர்மறையில் "விடாதீர்கள்" என்பதைவிட "விட வேண்டாம்" மென்மையானது. இரண்டையும்விட எதிர்மறையே இல்லாமல் எழுதுவது நல்லது, ஏனென்றால் "தேங்க விடாதீர்கள்" என்று படித்தவருக்கு எதைச் செய்யக் கூடாது என்று தெரிகிறதே தவிர எதைச் செய்வது என்று தெரிவதில்லை. இவ்வளவையும் தள்ளியபின் எஞ்சியது "-உங்கள்" என்ற முடிவுதான். அது பன்மை, மரியாதை, நேர்முகம் மூன்றையும் ஒரே விகுதியில் வைத்திருக்கிறது.

ஆகவே நான்காவது வரியை "மூடி வையுங்கள்" என்று திருத்திவிட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பிறகு தெருவில் டிரம்களைப் பார்த்தபோது பெரும்பாலானவை ஏற்கெனவே மூடித்தான் இருந்தன. ஒரு டிரம்மின் மேல் பலகை, இன்னொன்றின் மேல் ஓட்டைத் தட்டு, மற்றொன்றின் மேல் விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் மூடி. பலகைக்கும் விளிம்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தது. கொசுவுக்கு அது திறந்த வாசல். "மூடி வையுங்கள்" என்ற வரியைப் படித்த வீட்டுக்காரர் தன் டிரம்மைப் பார்த்து "நான்தான் மூடியிருக்கிறேனே" என்று நிம்மதியாக இருப்பார். உண்மையில் சொல்ல வேண்டியது "கொசு நுழையாதபடி, துணியை விளிம்போடு இறுக்கிக் கட்டி மூடுங்கள்" என்பது. அது ஒரு நல்ல வரிதான், ஆனால் அது வேறு வரி, அதற்கு வேறு படம் வேண்டும். தவிர, மூடியின் கீழ் ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பற்றி நான்காவது வரிக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவது வரி மேசைக்கு வந்தபோது அது இப்போதிருக்கும் வடிவில் வரவில்லை. "வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள்" என்றுதான் இருந்தது. மருத்துவத்தின்படி அதில் ஒரு குறையும் இல்லை. எழுதி முடித்து, களப் பணியாளர்களுக்குப் படித்துக் காட்டியபோது அவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஐந்து நாள் காத்திருந்து பிடித்த தண்ணீரைக் காலி செய் என்று எந்த வீட்டு வாசலில் நின்று தான் சொல்வது என்று கேட்டார். அந்தச் சிரிப்பு அந்த வரியை மாற்றியது. தண்ணீர் அரிதான வீட்டில் "காலி செய்யுங்கள்" என்பது நடக்காத வேலை மட்டுமல்ல, அவர்கள் பாடு தெரியாதவர் பேசும் பேச்சு. ஆனால் அதே வீட்டில், குழாய் வரும் நாள் காலையில், டிரம் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். காலி செய்யச் சொல்லத் தேவையே இல்லை; அது தானாகவே காலியாகும் நேரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். "வாரம் ஒரு முறை" என்ற நாட்கணக்கை எடுத்துவிட்டு "தண்ணீர் பிடிக்கும் முன்" என்ற நேரத்தை வைத்தோம். நாட்கணக்கை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. தண்ணீர் வரும் நாளை யாரும் மறப்பதில்லை.

இந்த மாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டோம். தண்ணீர் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை வரும் இடத்தில் இது சரி. பத்து நாளுக்கு ஒரு முறை வரும் இடத்தில், டிரம் காலியாவதற்குள் புழு கொசுவாகிப் பறந்துவிடும். அங்கே துணி கட்டும் வரிதான் முதலில் வர வேண்டும். தினமும் மேலே மேலே நிரப்பிக்கொண்டு, ஒருபோதும் அடி காணாத தொட்டிக்கும் இந்த வரி பொருந்தாது. ஒரே வாசகத்தை எல்லா ஊருக்கும் அச்சடிக்கும் பழக்கம் தவறிப்போவது இந்த இடத்தில்தான். சொல்லே மாறும் இடங்களும் உண்டு: இலங்கையில் தமிழர்கள் கொசுவை "நுளம்பு" என்கிறார்கள், அங்கே "டெங்கு நுளம்பு" என்று எழுதினால்தான் அது வீட்டுச் சொல்லாகும்.

"டிரம்மில்" என்ற சொல்லை மாற்றச் சொல்லி ஒருவர் வலியுறுத்தினார்; அரசு வாசகத்தில் கடன் சொல் வரலாமா என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த நீல நிறப் பொருளுக்கு அந்த வீடுகளில் வேறு பெயர் இல்லை. "உருளைக்கலன்" என்று எழுதினால் அவர் எதைத் தேய்ப்பார்? சொல் தமிழெழுத்தில் இருக்கிறது, தமிழ் வேற்றுமை ஏற்றிருக்கிறது, அந்த வீட்டின் பேச்சிலும் இருக்கிறது. அது போதும் என்று முடிவாயிற்று. அதே காரணத்தால் "லார்வா" என்பதை எங்கும் சேர்க்கவில்லை; சொல்ல நேர்ந்த இடத்தில் "கொசுப்புழு" என்றே எழுதினோம்.

பிறகு அளவு. குறுஞ்செய்தியில் தமிழ் எழுத்து யூனிகோடாகப் போகும்போது ஒரு செய்திக்கு 70 இடம்தான். அதைத் தாண்டினால் அது இரண்டாகப் பிரிந்து, செலவும் இரண்டாகும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் கண்ணுக்கு "டி" ஓரெழுத்து; கருவிக்கு அது "ட" என்றும் இகரக் குறி என்றும் இரண்டு. "ம்" கூட மெய்யும் புள்ளியுமாக இரண்டுதான். ஐந்தாவது வரியை விரல் விட்டு எண்ணினால் 35 எழுத்துதான் வரும்; கருவி அதையே இடைவெளிகளும் முற்றுப்புள்ளியும் சேர்த்து 70 என்று எண்ணுகிறது. மயிரிழையில் அடங்கிவிட்டதே என்று எல்லாரும் மகிழ்ந்தோம், பிறகு துறையின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று நினைவு வந்தது. அப்போது ஒருவர், "உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்" என்பதிலுள்ள இரண்டு ஒற்றுகளையும் எடுத்துவிட்டால் நான்கு இடம் மிச்சமாகுமே என்றார். நான் ஒப்பவில்லை. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின்னும், "தேய்த்து" போன்ற வினையெச்சத்துக்குப் பின்னும் வல்லினம் மிகும் என்பது பள்ளிக்கூட விதி; அதை ஓர் அரசுத் துறை தவறவிட்டால் படித்தவர் சிரிப்பார், அதைவிட, நான்கு இடத்தில் துறையின் பெயர் அடங்கப்போவதுமில்லை. செய்தி இரண்டாகட்டும் என்று விட்டு, இரண்டாவது பகுதியில் உதவி எண்ணையும் சேர்த்தோம்.

சுவரொட்டியில் வரி மடங்கும் இடம் அச்சகத்தின் கையில் விடப்படும்போது விபத்து நடக்கும். முதல் மாதிரி இப்படி வந்தது: "டிரம்மில் தண்ணீர் பிடிக்கும்" என்று மேல் வரி முடிந்து, "முன் உள்பக்கத்தை" என்று அடுத்த வரி தொடங்கியது. மேல் வரி மட்டும் கண்ணில் பட்டால் டிரம்மில் தண்ணீர் பிடிக்கும் என்று ஒரு முழு வாக்கியமாகவே அது நின்றுவிடுகிறது. கீழ் வரியோ முன்புறம் எது, உள்புறம் எது என்று குழப்புகிறது. தமிழில் பெயரெச்சத்தையும் அது தழுவும் சொல்லையும் ஒரே வரியில் வைப்பது பாதுகாப்பானது. இப்படி மடித்தோம்:

டிரம்மில் தண்ணீர் பிடிக்கும் முன்
உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

மேலே நேரம், கீழே வேலை. எழுத்தின் எண்ணிக்கையும் 16, 19 என்று கிட்டத்தட்டச் சமமாக அமைந்தது.

அச்சுக்குப் போகும் முன் நான்காவதையும் ஐந்தாவதையும் தெருவில் படிக்கக் கொடுத்தோம். "புரிகிறதா?" என்று கேட்பதில் பயனில்லை, அரசு அலுவலகத்திலிருந்து வந்தவரிடம் புரியவில்லை என்று சொல்வது மரியாதையல்ல என்று எண்ணி எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். வரியைக் கொடுத்து, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இதில் சொன்னதை உங்கள் வீட்டில் எங்கே, எப்போது செய்வீர்கள்?" என்று கேட்டோம். நான்காவதைப் படித்தவர்களில் பலர் மாடியிலுள்ள பெரிய தொட்டியைக் காட்டினார்கள். "தொட்டி" என்றால் அவர்களுக்கு அதுதான், டிரம் அதில் சேராது. ஐந்தாவதைப் படித்தவர்கள் நேராக டிரம் பக்கம் கையை நீட்டினார்கள். அவர்களில் ஒரு பாட்டி மட்டும் "எதால தேய்க்கிறது? கையை விட்டா அடி எட்டாதே" என்று கேட்டார். சரியான கேள்வி. வாசகத்தை நீட்டாமல், படத்தில் நீண்ட காம்பு வைத்த பிரஷ் ஒன்றை வரையச் சொன்னோம். அதைப் பிடித்திருப்பது ஓர் ஆணும் சிறுமியுமாக இருந்தது.

அதே சுவரொட்டியின் கீழ்ப்பகுதியில் காய்ச்சல் பற்றிய வரி ஒன்றும் வர வேண்டியிருந்தது. அதற்கு இந்த அளவுகோல்களை அப்படியே பயன்படுத்த முடியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில் வருகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வீடு நிம்மதியடையும் நாளில்தான் விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு முதலியவை தோன்றலாம். அங்கே மென்மையைவிட அவசரம் முக்கியம். மேசைக்கு வந்தது "காய்ச்சல் அறிகுறி இருப்பின் மருத்துவரை அணுகவும்" என்ற வழக்கமான வரி. "அணுகவும்" என்றால் எப்போது, எவ்வளவு விரைவாக என்பது தெரியாது. வாந்தியும் வயிற்றுவலியும் அதில் இல்லவே இல்லை. இரண்டு மாற்றங்கள் செய்தோம்:

காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால்
உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

"செல்லுங்கள்" என்று எழுதினால் துறை எங்கோ நின்று வழிகாட்டுகிறது. "வாருங்கள்" என்றால் மருத்துவமனையில் நின்றுகொண்டு அழைக்கிறது. துறையே நடத்தும் மருத்துவமனைக்கு இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் வந்தவரை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பும் அந்தச் சொல்லில் இருக்கிறது. "உடனே" என்பதைச் சிவப்பில் போடலாமா என்று கேட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் சரி என்றேன். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்ற எச்சரிக்கையைச் சுவரொட்டியில் சேர்க்காமல், மருந்துக்கடைகளுக்குத் தனித் தாளாக அனுப்புவது என்று ஒதுக்கினோம். அந்தப் பெயர்களைச் சுவரில் படித்து நினைவில் வைப்பவர் குறைவு, கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவருக்கு அவை தினசரிச் சொற்கள்.

டிரம் வில்லையை எங்கே ஒட்டுவது என்பது கடைசியாக வந்த கேள்வி. டிரம்மின் நடுவில் ஒட்டினால் எடுப்பாக இருக்கும் என்றார் வடிவமைப்பாளர். களப் பணியாளர்கள் விளிம்புக்கு நான்கு விரல் கீழே ஒட்டச் சொன்னார்கள்: குழாயைப் போட்டுக்கொண்டு குனிகிறவரின் கண் விழும் இடம் அதுதான், நிரம்பிய டிரம்மில் முட்டைகள் உள்ளே ஒட்டியிருக்கும் உயரமும் ஏறத்தாழ அதுதான்.